விசா மறுப்புக் கடிதத்தைச் சுருக்கி எழுதுதல்: சொல்லப்பட்ட காரணமும் மீதமிருக்கும் வழிகளும்

விசா மறுக்கப்பட்டது என்ற செய்தி வந்தவுடன், கடிதத்தை முழுதாகப் படிப்பதற்கு முன்பே காரணம் முடிவாகிவிடுகிறது. வங்கிக் கணக்கில் பணம் போதவில்லை என்று ஒருவர் சொல்வார். நேர்காணலில் தடுமாறியிருப்பாய் என்று இன்னொருவர் சொல்வார். உடனே அப்பீல் போடு என்று மூன்றாமவர் சொல்வார். இவற்றில் ஏதாவது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கையிலிருக்கும் கடிதம் அதைச் சொல்கிறதா என்பது வேறு கேள்வி. மறுப்புக் கடிதத்தைச் சுருக்கி எழுதுவது என்பது, அந்தக் கடிதம் எந்தக் காரணத்தைச் சொல்கிறது, அதை எதிர்க்க எந்த வழியைத் தருகிறது என்ற இரண்டை மட்டும், நம் ஊகம் எதுவும் கலக்காமல், ஒரு பக்கத்துக்குள் பிரித்து எழுதுவதாகும்.

விசாக்கள் பலவகை. இந்தக் கட்டுரை ஐரோப்பாவின் ஷெங்கன் குறுகிய கால விசாவை, அதாவது 180 நாள்களுக்குள் 90 நாள்கள் வரை தங்க அனுமதிக்கும் விசாவை, எடுத்துக்கொள்கிறது. அதைத் தருகிற நாடுகள் எல்லாம் ஒரே அச்சுப் படிவத்தில்தான் மறுப்பைத் தெரிவிக்கின்றன என்பதால், கற்றுக்கொள்வதற்கு அதுவே எளிது.

## திரும்பி வந்த காசோலை

வங்கியில் போட்ட காசோலை திரும்பி வந்தால் அதனுடன் ஒரு சிறு தாளும் வரும். அதில் காரணங்கள் வரிசையாக இருக்க, ஒன்று மட்டும் குறிக்கப்பட்டிருக்கும். ‘கையொப்பம் பொருந்தவில்லை’ என்று குறித்திருந்தால், கணக்கில் இன்னும் பணம் போட்டு அதே காசோலையை மறுபடி கொடுப்பவர் யாருமில்லை. கையொப்பத்தைத்தான் சரிசெய்வோம். ‘போதிய பணம் இல்லை’ என்று குறித்திருந்தால் கையொப்பத்தை எத்தனை முறை அழகாகப் போட்டாலும் பயனில்லை.

ஷெங்கன் மறுப்புப் படிவமும் ஏறத்தாழ இதே தாள்தான். எண்ணிட்ட காரணங்கள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சிறு கட்டம், பொருந்தும் கட்டத்தில் ஒரு குறி. காசோலை விஷயத்தில் இயல்பாகச் செய்கிற ஒன்றை விசா விஷயத்தில் பலரும் செய்வதில்லை: எந்தக் கட்டம் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே கணக்கில் பணத்தை நிரப்பிவிட்டு மறுபடி விண்ணப்பிக்கிறார்கள்.

## கட்டங்களின் மொழி

இந்தப் படிவம் 2009ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விசா விதித்தொகுப்பின் இணைப்பாக வருகிறது. 2019இல் திருத்தப்பட்டு, 2020 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் இருக்கும் வடிவத்தில் 17 காரணங்கள் உள்ளன. விதித்தொகுப்பு தரும் காரணப் பட்டியல் முழுமையானது என்றும், அதில் இல்லாத ஒரு காரணத்தைச் சொல்லி விசாவை மறுக்க முடியாது என்றும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2013இல் ஒரு வழக்கில் கூறியது. எனவே ‘அதிகாரிக்குப் பிடிக்கவில்லை’ என்பது கடிதத்தில் ஒருபோதும் இருக்காது. உண்மையில் அதுவே காரணமாக இருந்திருந்தாலும், கடிதத்தில் அது இந்தப் பதினேழில் ஒன்றாகத்தான் எழுதப்பட்டிருக்கும்.

சுற்றுலாவுக்கோ உறவினரைப் பார்க்கவோ விண்ணப்பிப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டியவை முக்கியமாக நான்கு. 2ஆம் எண், பயணத்தின் நோக்கத்துக்கும் தங்கும் ஏற்பாடுகளுக்கும் ஆதாரம் தரப்படவில்லை என்கிறது. 3ஆம் எண், தங்கும் காலச் செலவுக்கும் திரும்பும் பயணத்துக்கும் போதிய பணவசதி இருப்பதற்கான சான்று தரப்படவில்லை என்கிறது. 10ஆம் எண், நோக்கம் பற்றித் தந்த தகவல் நம்பத்தக்கதாக இல்லை என்கிறது. 13ஆம் எண், விசாக் காலம் முடிவதற்குள் நீங்கள் திரும்பிவிடுவீர்கள் என்பதில் நியாயமான சந்தேகம் இருப்பதாகச் சொல்கிறது.

சுருக்கம் எழுதுபவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழும் இடம் 2க்கும் 10க்கும் நடுவில் இருக்கிறது. இரண்டிலும் ‘நோக்கம்’ என்ற சொல் வருவதால் இரண்டையும் ‘பயண நோக்கம் சரியில்லை’ என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். 2 என்பது இல்லாமை: ஒரு தாள் கோப்பில் இல்லை, கொண்டுவந்து வைத்தால் குறை தீரலாம். 10 என்பது நம்பாமை: தாள் இருக்கிறது, ஆனால் அது சொல்வது இன்னொரு தாளோடு ஒத்துப்போகவில்லை, அல்லது சொல்கிற கதை நிற்கவில்லை. நம்பாத இடத்தில் இன்னும் ஐந்து தாள்களைக் கூட்டிக் கொடுத்தால் முரண்களும் ஐந்து கூடுவதே பெரும்பாலும் நடக்கும்.

13ஆம் எண் அதற்கும் மேல் கடினமானது. பதினேழில் மிகவும் எரிச்சலூட்டுவதும் அதுதான் என்பது என் எண்ணம். ‘நான் திரும்பி வருவேன்’ என்பதை ஒரு தாளால் மெய்ப்பிக்க முடியாது. மேலே சொன்ன 2013 தீர்ப்பு இதையும் தொட்டது: விண்ணப்பதாரர் திரும்பத்தான் போகிறார் என்று அதிகாரி உறுதிகொள்ள வேண்டியதில்லை; அவர் வசிக்கும் நாட்டின் பொதுநிலை, அவருடைய குடும்பம், வேலை, வருமானம் ஆகியவற்றைப் பார்த்து, நியாயமான சந்தேகம் எழுகிறதா என்று அறிந்தால் போதும். பணமும் இந்தப் பார்வைக்குள் வரும். ஆனால் அது ஒரு கூறு மட்டுமே. ஆகவே 13 குறிக்கப்பட்டு 3 குறிக்கப்படாத கடிதத்தை ‘பணம் போதவில்லை’ என்று சுருக்குவது பிழை.

6 முதல் 9 வரையுள்ள எண்கள் வேறு இனம். 6 என்பது ஷெங்கன் தகவல் அமைப்பில், அதாவது அந்நாடுகள் பகிர்ந்துகொள்ளும் எச்சரிக்கைப் பதிவேட்டில், உங்கள் பெயருக்கு நுழைவுத் தடை இருப்பதைக் குறிக்கும். 7, 8, 9 ஆகியவை பொது ஒழுங்கு அல்லது உள்நாட்டுப் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம், பன்னாட்டு உறவு ஆகியவற்றின் பேரில் எழும் ஆட்சேபங்கள். அந்த ஆட்சேபம் நீங்கள் விண்ணப்பித்த நாட்டிடமிருந்தே வந்திருக்க வேண்டும் என்பதில்லை. வேறொரு நாடு எதிர்த்ததால் மறுக்கப்பட்டிருந்தால், எந்த நாடு எதிர்த்தது, எந்தக் காரணத்தால் என்பதைக் கடிதம் சொல்ல வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2020 நவம்பரில் தீர்ப்பளித்தது. அந்தப் பெயரைச் சுருக்கத்தில் விட்டுவிட்டால், தவறான கதவைத் தட்டிக்கொண்டிருப்போம்.

இதுவரை பார்த்தது: காரணம் என்பது குறியிட்ட கட்டத்தின் எண்ணும் அதன் வாசகமும்தான். ‘தரப்படவில்லை’ என்பதும் ‘நம்பத்தக்கதாக இல்லை’ என்பதும் வெவ்வேறு குறைகள். குறியிடப்படாத கட்டமும் ஒரு தகவல்தான்.

## ஒரு கடிதத்தைப் பிரித்துப் பார்ப்போம்

முறையை விளக்குவதற்காக ஒரு கற்பனைக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் ஜெர்மனியில் இருக்கும் தன் அக்காவைப் பார்க்கப் போக விரும்புகிறார். விண்ணப்பப் படிவத்தில் மே 6 முதல் மே 26 வரை என்று 21 நாள்கள் கேட்டிருக்கிறார். நிறுவனம் தந்த விடுப்புக் கடிதம் மே 6 முதல் மே 19 வரை மட்டுமே விடுப்பு என்கிறது. அக்காவின் அழைப்புக் கடிதத்தில் ‘மே மாதம் முழுவதும் என்னுடன் தங்குவாள்’ என்று இருக்கிறது. அந்த நிறுவனத்தில் அவர் சேர்ந்து நான்கு மாதங்களே ஆகின்றன. மார்ச் 24 தேதியிட்ட மறுப்புக் கடிதம் மார்ச் 30 அன்று அவர் கைக்குக் கிடைக்கிறது. குறியிட்டவை 10ம் 13ம். கட்டங்களுக்குக் கீழே இருக்கும் ‘குறிப்புகள்’ பகுதி, அதாவது அதிகாரி விரும்பினால் விவரம் எழுதும் இடம், வெறுமையாக இருக்கிறது.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து எழுதியிருக்கக்கூடிய சுருக்கம் இது: ‘பேங்க் பேலன்ஸ் குறைவு, கல்யாணமும் ஆகவில்லை, அதனால் ரிஜெக்ட். அப்பீல் போடலாம்.’ இதில் கடிதத்திலிருந்து வந்த சொல் ‘ரிஜெக்ட்’ ஒன்றுதான்.

சரியான சுருக்கம் இப்படி இருக்கும்:

‘ஜெர்மன் தூதரகம், மார்ச் 24 தேதியிட்ட கடிதத்தின் மூலம் குறுகிய கால விசாவை மறுத்துள்ளது. கடிதம் கிடைத்த நாள் மார்ச் 30. குறிக்கப்பட்ட காரணங்கள் இரண்டு. எண் 10: பயண நோக்கம், தங்கும் ஏற்பாடு பற்றித் தந்த தகவல் நம்பத்தக்கதாக இல்லை. எண் 13: விசாக் காலம் முடிவதற்குள் திரும்பிவிடுவார் என்பதில் நியாயமான சந்தேகம். பணவசதி பற்றிய எண் 3 குறிக்கப்படவில்லை. குறிப்புகள் பகுதியில் எதுவும் எழுதப்படவில்லை. கடிதம் காட்டும் வழி: பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்கு. கெடு: கடிதம் கிடைத்ததிலிருந்து ஒரு மாதம், அதாவது ஏப்ரல் 30க்குள் மனு நீதிமன்றத்தைச் சென்றடைய வேண்டும்.’

இவ்வளவுதான். கடிதம் எழுதப்பட்ட நாளும் கிடைத்த நாளும் தனித்தனியாக இருப்பதைக் கவனியுங்கள். கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதைக் கடிதமே சொல்லும். இங்கே அது கிடைத்த நாளிலிருந்து. உறையையோ, கடவுச்சீட்டைத் திரும்பப் பெற்ற ரசீதையோ தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டியது இதற்காகவே.

இதற்குப் பிறகு, தனித் தாளில், ‘நம் ஊகம்’ என்று தலைப்பிட்டு அடுத்த வேலையைத் தொடங்கலாம். இப்போது கோப்பின் நகலை எடுத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் எந்தத் தாள் காரணமாகியிருக்கும் என்று தேட வேண்டும். 10க்கு விடை உடனே தெரிகிறது: ஒரே பயணத்துக்கு 21 நாள், 14 நாள், ஒரு மாதம் என்று மூன்று தாள்கள் மூன்று கணக்குச் சொல்கின்றன. 13க்கும் அதே முரண் தீனி போட்டிருக்கிறது. மே 19இல் விடுப்பு முடிகிற ஒருவர் மே 26 வரை தங்கக் கேட்டால், வேலைக்குத் திரும்பும் எண்ணம் இருக்கிறதா என்ற கேள்வி தானாக எழும். நான்கு மாத வேலை என்பது அந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கும். இவையெல்லாம் ஊகம்தான், ஆனால் கடிதத்தின் எண்ணோடு கட்டப்பட்ட ஊகம். திருமணம் ஆகாததும் அதிகாரியின் பார்வையில் இருந்திருக்கலாம். அதைத் தாளால் திருத்த முடியாது, தேதிகளைத் திருத்த முடியும்.

## மூன்று கதவுகள், மூன்றும் வேறு

‘அப்பீல்’ என்ற ஒரே சொல்லால் பேச்சில் மூன்று வெவ்வேறு செயல்களைக் குறிக்கிறோம். மேல்முறையீடு என்பது, முடிவெடுத்தவருக்கு வெளியே அல்லது மேலே இருக்கும் ஓர் அமைப்பிடம், ‘இருந்த கோப்பின் மேல் எடுத்த இந்த முடிவு தவறு’ என்று வாதிடுவது. மறுபரிசீலனை என்பது, முடிவெடுத்த அலுவலகத்திடமே மீண்டும் பார்க்கக் கேட்பது. புதிய விண்ணப்பம் என்பது, பழைய முடிவை அப்படியே விட்டுவிட்டு, புதிய கோப்போடு முதலிலிருந்து தொடங்குவது.

ஷெங்கன் விதிப்படி, மறுக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டு உரிமை உண்டு. அது இறுதி முடிவெடுத்த நாட்டுக்கு எதிராக, அந்த நாட்டின் சட்டப்படி நடக்கும். எங்கோ ஒரு கட்டத்தில் அது ஒரு நீதிமன்றத்தை எட்டும் வழி இருந்தாக வேண்டும் என்று 2017இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஆனால் யாரிடம், எத்தனை நாளுக்குள், எந்த மொழியில் என்பவை நாட்டுக்கு நாடு மாறுகின்றன. ஆகவே, நண்பர் ஒருவர் வேறொரு ஷெங்கன் நாட்டிடம் செய்ததை உங்கள் சுருக்கத்தில் எழுத இடமில்லை. உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியில் இருப்பதை மட்டும் எழுதுங்கள்.

ஜெர்மனியே நல்ல எச்சரிக்கை. முன்பு தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்டு இலவசமாக ஒரு கடிதம் எழுதும் வழி அங்கே இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அது உலகெங்கும் நிறுத்தப்பட்டுவிட்டது. அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று கற்றுத்தரும் பழைய குறிப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. அதை நம்பித் தூதரகத்துக்கு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவருக்கு, வழக்குப் போடுவதற்கான ஒரு மாதம் ஓசையில்லாமல் கழிந்துபோகும்.

ஷெங்கனுக்கு வெளியே போனால் கதவுகள் இன்னும் குறையும். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(b) பிரிவின் கீழ் மறுக்கப்படும் வருகையாளர் விசாவுக்கு மேல்முறையீடே கிடையாது. நிலைமை மாறியிருந்தால் புதிதாக விண்ணப்பிக்கலாம். பிரிட்டனின் வருகையாளர் விசாவுக்கும் பொதுவாக மேல்முறையீட்டு உரிமை இல்லை. அத்தகைய கடிதத்தின் சுருக்கத்தில் ‘மேல்முறையீடு இல்லை’ என்று வெளிப்படையாக எழுத வேண்டும். எழுதாமல் விட்டால், படிப்பவர் ‘இருக்கும்’ என்றே எடுத்துக்கொள்வார்.

சுருக்கமாக: மேல்முறையீடு பழைய கோப்பைக் காக்கிறது, புதிய விண்ணப்பம் புதிய கோப்பைக் கட்டுகிறது. எது திறந்திருக்கிறது என்பதைக் கடிதம் சொல்லும். எது உதவும் என்பதைக் குறியிட்ட எண் சொல்லும்.

## எந்தக் கதவு யாருக்கு

நம் உதாரணத்துக்குத் திரும்புவோம். அந்தப் பெண்ணின் கோப்பில் முரண் உண்மையாகவே இருந்தது. வழக்குப் போட்டால், அதிகாரி இருந்ததைத் தவறாகப் படித்தார் என்று வாதிட வேண்டும். அவரோ சரியாகத்தான் படித்திருக்கிறார். அதோடு வழக்கு ஜெர்மன் மொழியில் நடக்கும், நீதிமன்றக் கட்டணமும் உண்டு. மே 6க்குள் தீர்ப்பு வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

புதிய விண்ணப்பத்தின் கணக்கு வேறு. 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. மறுக்கப்பட்டதற்காகப் பழைய கட்டணம் திரும்ப வராது. ஏற்றுக்கொள்ளத்தக்க விண்ணப்பத்துக்கு விதிப்படி 15 நாள்களில் முடிவு வர வேண்டும். கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாள்கள் வரை நீளலாம். பயணத்துக்குக் குறைந்தது 15 நாள்களுக்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நேர ஒதுக்கீடு கிடைத்தால், மே 6 இன்னும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 45 நாள் ஆகிவிட்டால் கைநழுவும். நானாக இருந்தால் பயணத்தையே ஜூனுக்குத் தள்ளிவைத்து விண்ணப்பிப்பேன்.

புதிய கோப்பில் அவர் செய்ய வேண்டியது தாள்களைக் குவிப்பதல்ல. பயணத்தை விடுப்புக்குள் அடங்கும் 14 நாள்களாகக் குறைத்து, அழைப்புக் கடிதம், காப்பீடு, விமான முன்பதிவு, விடுப்புக் கடிதம் ஆகிய நான்கிலும் ஒரே தொடக்க நாளும் ஒரே முடிவு நாளும் வரும்படி செய்தால் 10க்குப் பதில் கிடைத்துவிடுகிறது. 13க்கு, எந்த நாளில் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று நிறுவனம் எழுதித் தரும் ஒரு வரியும், முந்தைய வேலையின் அனுபவச் சான்றும் உதவலாம். முகப்புக் கடிதத்தில் பழைய மறுப்பைக் குறிப்பிட்டு, அன்று தேதிகள் முரண்பட்டிருந்தன, இன்று திருத்தப்பட்டுள்ளன என்று இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடலாம். மறைப்பதில் பயனில்லை, ஏனெனில் மறுப்பு விவரம் ஷெங்கன் நாடுகள் பகிரும் விசாத் தகவல் அமைப்பில் ஐந்தாண்டு வரை இருக்கும். முன்பு மறுக்கப்பட்டது என்பதற்காகவே புதிய விண்ணப்பத்தைத் தானாக மறுக்கக் கூடாது என்றும் விதித்தொகுப்பு சொல்கிறது.

இதே கடிதத்தில் 3 குறிக்கப்பட்டு, கோப்பிலோ முழுமையான வங்கிக் கணக்கு அறிக்கை இருந்து, அதை ஒப்படைத்ததற்கான ரசீதும் கையில் இருந்தால், நிலைமை தலைகீழ். அங்கே தவறு முடிவில் இருக்கிறது. மேல்முறையீட்டுக்குப் பொருள் உண்டு. 6 குறிக்கப்பட்டிருந்தால் புதிய விண்ணப்பம் அதே சுவரில்தான் மோதும். பதிவேட்டில் உங்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்கவும், தவறென்றால் திருத்தவோ நீக்கவோ கோரவும் தனி உரிமை இருக்கிறது. அந்த வேலையை முதலில் முடிக்க வேண்டும்.

## கடன் மறுப்புக் கடிதம் என்றால்

முறை அதுவே, கதவுகள்தான் வேறு. ஷெங்கன் விசாவுக்கு இருப்பதைப் போலக் கடனுக்கு மேல்முறையீடு கேட்க மேலே ஓர் அமைப்பு பெரும்பாலும் இருக்காது, ஏனெனில் கடன் தருவது கடன்தருநரின் விருப்பம். இருப்பது காரணத்தை அறியும் உரிமையும், தவறான தகவலைத் திருத்தும் உரிமையும். அமெரிக்காவை எடுத்துக்கொண்டால், முழுமையான விண்ணப்பம் கிடைத்த 30 நாள்களுக்குள் கடன்தருநர் முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் குறிப்பான காரணங்களைச் சொல்ல வேண்டும், அல்லது 60 நாள்களுக்குள் கேட்டால் தரப்படும் என்று சொல்ல வேண்டும். ‘எங்கள் மதிப்பெண் முறையில் தேறவில்லை’ என்று மட்டும் எழுதினால் அது காரணமாகாது.

எனவே அங்கே சுருக்கத்தின் முதல் பகுதியில் ‘வருமானத்தோடு ஒப்பிடக் கடன் அதிகம்’, ‘தவணை தவறிய பதிவு’ என்று கடிதத்தின் சொற்களே வரும். இரண்டாம் பகுதியில் மேல்முறையீட்டுக்குப் பதிலாக மூன்று செய்திகள் வரும்: எந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையைப் பார்த்து மறுத்தார்கள், அந்த அறிக்கையின் நகலை 60 நாள்களுக்குள் இலவசமாகக் கேட்டுப் பெறலாம் என்பது, அதில் தவறு இருந்தால் அந்த நிறுவனத்திடமே ஆட்சேபம் எழுப்பலாம் என்பது. அந்த ஆட்சேபத்தை அவர்கள் பொதுவாக 30 நாள்களுக்குள் ஆராய வேண்டும். கட்டி முடித்த கடனை நிலுவை என்று அறிக்கை காட்டினால், கடன்தருநரிடம் வாதாடுவதற்கு முன் அந்த வரியைத் திருத்த வேண்டும். அறிக்கையில் இருப்பது உண்மையென்றால் ஆட்சேபத்தால் எதுவும் மாறாது, கடனின் அளவைக் குறைத்துக் கேட்பதோ நிலுவையைக் குறைத்தபின் மறுபடி கேட்பதோதான் மீதமிருக்கும்.